அடுத்து நாலாம் கவுன்ட்டர்

தலைவர் "இறுதியாக" என்று மூன்றாவது முறை சொன்னபோது, கடைசி வரிசையில் பெண்கள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது "இறுதியாக"வுக்கே மாட்டியவர்கள், இன்னும் கழற்றவில்லை.

கடையில் அவருக்குக் கமா என்று பெயர். முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவர் என்பதால் யாரோ வைத்தது. முகத்துக்கு நேரே தலைவர், முதுகுக்குப் பின்னால் கமா. மனுஷன் கெட்டவர் இல்லை. கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து சங்கத்தை நடத்துகிறவர். கல்யாணத்துக்கும் வருவார், சாவுக்கும் வருவார். மைக்கை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடக் கூடாது.

மேடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மைக்கு உட்கார்ந்திருந்தாள். மைக்கு என்பது அவளுடைய பட்டப்பெயர். அந்தப் பெரிய கடையில் அறிவிப்பு சொல்கிற பெண் அவள். 'பச்சைச் சட்டை போட்ட குழந்தை பொம்மைப் பகுதியில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் வரவும்' என்பதிலிருந்து, 'கடை மூட இன்னும் பத்து நிமிடங்களே உள்ளன' என்பது வரை எல்லாம் அவள் குரல்தான். அந்தக் குரலுக்காகவே சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தைத் தொகுத்து வழங்கும் வேலையும் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. கொடுத்தவர் அவள் சித்தப்பா. அவர்தான் சங்கச் செயலாளர். கடையில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

நிகழ்ச்சி நிரலில் தலைவர் உரைக்குப் பிறகு இரண்டே இரண்டு மிச்சமிருந்தன. ஒன்று, நாலாம் கவுன்ட்டர் என்றே எல்லோரும் கூப்பிடுகிற அக்கா கொண்டுவரும் தீர்மானம். இன்னொன்று, சித்தப்பாவின் நன்றியுரை. எட்டு மணிக்கு அரங்கத்தைக் காலி செய்ய வேண்டும். காவலாளி வாசலில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு நின்றார். எட்டு அடித்ததும் விளக்கை அணைத்துவிடுவார், மேடையில் யார் இருந்தாலும் சரி. போன வருஷம் பரிசு வாங்கியவர்கள் இருட்டில்தான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

தீர்மானம் சின்ன விஷயம்தான். கவுன்ட்டரில் பணம் வாங்குகிறவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பது. அவ்வளவுதான். ஆனால் சங்கத்தில் ஒரு விதி உண்டு. தீர்மானத்தைக் கொண்டுவருகிறவர் கூட்டத்தில் எழுந்து தன் வாயால் முன்மொழிய வேண்டும். முன்மொழியாவிட்டால் அது செத்தது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில்தான் மறுபடி உயிர் வரும்.

நாலாம் கவுன்ட்டர் இன்னொரு வருஷம் தாங்கமாட்டாள் என்பது மைக்குக்குத் தெரியும். உடை மாற்றும் அறையில் அந்த அக்கா காலுறையைக் கழற்றும்போது பார்த்திருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, நீலமாய்ப் புடைத்திருக்கும். "பாக்காதம்மா, பயந்துக்குவே" என்று அக்கா சிரிப்பாள். மருத்துவர் சொல்லிவிட்டார், நிற்பதைக் குறை, இல்லையென்றால் வேலையை விடு என்று. வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை. ஆக, ஒன்று ஸ்டூல், இல்லை வீடு.

தலைவர் இப்போது சங்கத்தின் முதல் போராட்டத்துக்கு வந்திருந்தார். அதை ஏற்கெனவே ஒருமுறை சொல்லி முடித்திருந்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

அரங்கில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். உடனே எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பலமாக, விடாமல், ஒரே தாளத்தில். உட்காருய்யா என்பதை மரியாதையாகச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. தலைவர் கை கூப்பினார். கண்கள் பனித்தன.

"உங்கள் கரவொலி... இந்தக் கரவொலிதான் என்னை இன்னும் பேசவைக்கிறது!"

பேசவும் செய்தார்.

"போச்சுடா" என்றது ஒரு குரல். "தட்டாதீங்கடான்னா கேக்குறீங்களா? எண்ணெய ஊத்திட்டீங்க."

மைக்கு மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். நாலாம் கவுன்ட்டரை அழைப்பதற்காக அவள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்ததும்கூட. 'கணக்கில் கறார், கனிவில் தாய், காலையில் வந்தால் மாலைவரை நிற்கும் கலங்கரை விளக்கம்' என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்க அடைமொழிகள். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு சொல்லும் இன்னொரு கமாவாகத் தெரிந்தது. இதை வாசித்தால் பாதிப் பேர் வாசலில் இருப்பார்கள், மீதிப் பேர் வாசலுக்கு வெளியே.

தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். குனிந்தபடி மேடையிலிருந்து இறங்கினாள். சுவரை ஒட்டி நடந்து மூன்றாம் வரிசைக்குப் போனாள். நாலாம் கவுன்ட்டர் ஓரத்து நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் நாலு பக்கங்கள்.

மைக்கு அவள் பக்கத்தில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எத்தனை பக்கம்?"

"நாலு. என் பொண்ணு அழகா எழுதிக் குடுத்தா. மனப்பாடமே ஆயிடுச்சு."

"மூணு நிமிஷந்தான் கிடைக்கும்."

அக்கா முகம் சுருங்கியது. "மூணு நிமிஷத்துல மேடைக்கு ஏறவே ஆகாது எனக்கு. விடும்மா. ஜனமும் எந்திரிச்சுப் போற மாதிரி இருக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் நீங்க இருப்பீங்களா கவுன்ட்டர்ல?"

அக்கா பாதங்களைக் கீழும் மேலுமாக மாற்றி வைத்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க. நாலு பக்கத்தையும் மறந்துடுங்க. எதைச் சொல்லாம வீட்டுக்குப் போனா இன்னைக்கு உங்களுக்குத் தூக்கம் வராது? அதை மட்டும் சொல்லுங்க."

அக்கா மேடையைப் பார்த்தாள். "பால் பெட்டி" என்றாள்.

"என்ன பால் பெட்டி?"

"காலி பால் பெட்டி ஒண்ணு. கவுத்துப் போட்டு அது மேல ஓரமா உக்காந்தேன், கூட்டமில்லாத நேரத்துல. மேற்பார்வையாளர் வந்தாரு. எந்திரிங்கன்னு சொல்லல. நான் எந்திரிச்சு ஒரு வாடிக்கையாளருக்குப் பை எடுத்துக் குடுத்தேன், அந்த நேரத்துல காலால தள்ளிவிட்டுட்டாரு பெட்டிய. நான் இருக்குன்னு நெனச்சு உக்காந்தேன்." அவள் தரையைக் கையால் காட்டினாள். "எல்லாரும் பாத்தாங்க. வரிசையில நின்ன ஒரு பையன் சிரிச்சான். இதை எழுதலம்மா. பொண்ணுக்குத் தெரியாது இது."

மைக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறுதல் சொல்ல நேரமில்லை.

"அதுதான். அதைச் சொல்லுங்க. சொல்லிட்டு, 'ஸ்டூல் வேணும்னு இந்தத் தீர்மானத்தை முன்மொழியறேன்'னு முடிங்க. அந்தக் கடைசி வரி இல்லேன்னா செல்லாது, மறந்துடாதீங்க. சரி, எப்படி ஆரம்பிப்பீங்க?"

"மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர்..."

"அய்யோ வேண்டாம். வீத்திருக்கிறவங்க வீத்திருக்கட்டும். அவங்களுக்கெல்லாம் நான் ஆரம்பத்துலேயே வணக்கம் சொல்லியாச்சு. நேரா பெட்டியிலேருந்து ஆரம்பிங்க."

"மரியாதை இல்லாம இருக்குமே?"

"ஜனங்க உக்காந்து கேக்குறதுதான் அக்கா மரியாதை. இன்னொண்ணு. நான் உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிக் கூப்பிடுவேன். பெட்டியப் பத்தி மூச்சு விடமாட்டேன். அது உங்க வாயில இருந்துதான் வரணும். மேடைக்கும் நீங்க வர வேண்டாம், இங்கயே இருங்க. மைக்கை நான் கொண்டுவரேன்."

"ஒயரு எட்டுமா?"

அது நல்ல கேள்வி. மைக்கு மேடையைப் பார்த்தாள். ஒயர் மைக் தாங்கியின் அடியில் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. போதும் போலத்தான் இருந்தது. "எட்டவைக்கிறேன்" என்றாள்.

திரும்பி மேடை ஏறும்போது சித்தப்பா அவளைப் பார்த்துவிட்டார். சைகை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். தலைவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தார்கள்.

"கீழ என்ன பண்ணினே?"

"அடுத்த பேச்சாளரைத் தயார்படுத்தினேன் சித்தப்பா."

"அடுத்த பேச்சாளர் நான்தான். தலைவர் முடிச்ச உடனே நேரமின்மை காரணமாகன்னு சொல்லிட்டு நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டுடு."

"தீர்மானம் இருக்கே?"

"இருக்கட்டும். நிர்வாகத்தோட நல்லபடியாப் பேசிக்கிட்டு இருக்கோம். இந்த நேரத்துல ஸ்டூலு கீலுன்னு தீர்மானம் போட்டு நீட்டினா அவங்க முகம் மாறிடும். பக்குவமாப் போகணும். உனக்குத் தெரியாதும்மா இதெல்லாம்."

"அப்ப நிரல்ல எதுக்கு சித்தப்பா போட்டீங்க?"

"கேட்டாங்க, போட்டேன். நேரம் இல்லாமப் போனா நான் என்ன பண்றது?"

அவர் பார்வை தலைவரின் முதுகுக்குப் போய்த் திரும்பியது. அந்தப் பார்வையில் மைக்குக்குப் புரிந்துவிட்டது. இன்று தலைவர் நீட்டுவார் என்று அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் தீர்மானத்தைத் தலைவருக்குப் பின்னால் வைத்திருக்கிறார். யாரும் யாரையும் தடுக்கவில்லை, கடிகாரம் தடுத்தது. பழி கமாவுக்கு, வேலை முடிந்தது இவருக்கு.

"அவங்க காலைப் பாத்திருக்கீங்களா சித்தப்பா?"

"எல்லாருக்கும்தான் கால் வலிக்குது. நான் சொல்றதைச் செய். உன்னை இந்த மேடையில நிக்கவெச்சது யாரு?"

"நீங்கதான்."

"அது ஞாபகம் இருக்கட்டும்."

அவர் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வீட்டிலும் அப்படித்தான் முடிப்பார்.

மைக்கு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சித்தப்பாவின் வீட்டு மாடியில்தான் அவள் வாடகை இல்லாமல் குடியிருக்கிறாள். சரி, அது நாளைய பிரச்சினை. இப்போதைய பிரச்சினை, பேச்சு முடிந்த நொடியில் எழப்போகும் இத்தனை பேரை எப்படி நிறுத்துவது என்பது.

'தயவுசெய்து அமைதியாக இருங்கள்' எடுபடாது. அதை அவள் கடையிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறாள், கேட்டதும் சத்தம் கூடும். 'இன்னும் ஒரே ஒருவர்தான், சுருக்கமாகப் பேசுவார்' என்று சொன்னால், வருகிறவளை ஒரு தொல்லை என்று தானே அறிவித்தது போல ஆகிவிடும். தலைவரின் பேச்சைப் பாராட்டி நாலு வரி சொல்வது வழக்கம். இன்று நாலு வரி சொன்னால் அடி விழும். ஒரு வரியும் சொல்லாவிட்டால் தலைவர் முகம் தொங்கும், தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு நடத்த வேண்டியவர் அவர்தான். பலத்த கரவொலியோடு வரவேற்போம் என்பதும் ஆகாது. கைதட்டல் இன்று கெட்டுப்போன சரக்கு. இந்த ஜனம் கைதட்டினால் 'போதும், போ' என்று அர்த்தம். அதைக் கொண்டுபோய் அக்காவின் தலையில் கொட்ட முடியாது.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு தலைவரைக் கேட்க ஆரம்பித்தாள். அந்த அரங்கில் அவரைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அநேகமாக அவள்தான். இத்தனை நேரப் பேச்சில் ஒரு நல்ல வரிகூடவா இருக்காது?

இருந்தது.

"...நாம கேட்டு வாங்காத எதுவும் நமக்கு வந்து சேந்ததில்ல. நான் சேந்தப்ப, குடிக்கத் தண்ணி வேணும்னு கேட்டோம். சிரிச்சாங்க. கேட்டுக்கிட்டே இருந்தோம். வந்துச்சு..."

அவள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

வெளியே ஊழியர்களை வீட்டில் விடுகிற வேன் ஹாரன் அடித்தது. தலைவர் அதற்கே திடுக்கிட்டது போல "நன்றி, வணக்கம்" என்றார். நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் இடி போல எழுந்தது. கைதட்டலும் எழுந்தது, அணை உடைந்த மாதிரி. தலைவர் மறுபடியும் மைக்கின் பக்கம் திரும்பினார்.

மைக்கு அதற்குள் அங்கே நின்றாள். தாங்கியிலிருந்து மைக்கை உருவி எடுத்துக்கொண்டு, அவருக்குக் கைகூப்பினாள். மைக் அவள் கையில் இருந்ததால் அவரால் எடுக்க முடியவில்லை. அவரும் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

கடை மூடும் குரல் தொண்டைக்கு வந்தது. அதை விழுங்கினாள். பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி, மெதுவாகப் பேசினாள்.

"எல்லாரும் எந்திரிங்க."

ஏற்கெனவே பாதிப் பேர் எழுந்திருந்தார்கள். அவர்கள் விழித்தார்கள். எழச் சொல்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"வீட்டுக்கு இல்ல. முதுகுக்கு. உக்காந்து உக்காந்து மரத்துப்போச்சு, எனக்கும்தான். எந்திரிச்சு நல்லா நிமிருங்க. முடியாதவங்க உக்காந்திருங்க, குத்தமில்ல."

சிரிப்பு. மீதிப் பேரும் எழுந்தார்கள். எலும்புகள் சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சத்தமாகக் கொட்டாவி விட்டார். இன்னும் சிரிப்பு. வாசலை நோக்கிக் கிளம்பியவர்கள், எல்லோரும் நிற்கிறார்களே என்று தாங்களும் நின்றார்கள்.

அவள் பேசிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினாள். ஒயர் பின்னால் இழுபட்டு வந்தது.

"தலைவர் இன்னைக்கு ஒண்ணு சொன்னாரு. நாம கேட்டு வாங்காத எதுவும் நமக்கு வந்து சேந்ததில்லேன்னு. அவங்க தண்ணி கேட்டாங்க, வந்துச்சு. இப்ப ஒருத்தங்க இன்னொண்ணு கேக்க வந்திருக்காங்க."

மேடையில் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் பேச்சை ஒருத்தி கேட்டிருக்கிறாள் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் சித்தப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இந்த நேரத்துல..." என்று சித்தப்பா வாயசைத்தார். மைக் இல்லாத குரல், நாலடி தாண்டவில்லை.

"உக்காராதீங்க, அப்படியே நில்லுங்க" என்றாள் மைக்கு. "நம்ம நாலாம் கவுன்ட்டர் தெனம் கடை திறந்ததுலேருந்து மூடுற வரைக்கும் இப்படித்தான் நிக்கிறாங்க. ஒரு மூணு நிமிஷம் அவங்களோட நாமளும் நிப்போம். கைதட்டல் இப்ப வேண்டாம், முடிஞ்சப்புறம் மனசு வந்தா தட்டுங்க."

அதற்குப் பிறகு அந்த அக்காவின் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுப் பெயர். இத்தனை வருஷமாய் எண்ணால் கூப்பிட்டுப் பழகியவர்கள் யாருடைய பெயர் அது என்று தலையைத் திருப்பித் தேடினார்கள். தேடுகிற நேரத்தில் அரங்கம் அமைதியானது.

ஒயர் மூன்றாம் வரிசைக்கு ஒரு கை தூரத்துக்கு முன்பே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அக்காவே வெறுங்காலோடு இரண்டு எட்டு முன்னால் வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். கையிலிருந்த நாலு பக்கங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைக்குவிடமே கொடுத்தாள்.

"ஒரு பால் பெட்டி" என்று ஆரம்பித்தாள். ஸ்பீக்கர் கீச்சென்றது. அவள் பயந்து மைக்கைத் தள்ளிப் பிடித்தாள். "காலிப் பெட்டி. தூக்கிப் போடுறதுக்கு ஓரமா வெச்சிருந்தது. நான் அதுல உக்காந்தேன்."

அவள் சொன்னது நாலைந்து வாக்கியங்கள்தான். குரல் ஒரு இடத்தில் உடைந்தது, பெட்டி நகர்ந்த இடத்தில் இல்லை, பையன் சிரித்த இடத்தில். வேறெந்தச் சத்தமும் இல்லை. முன்வரிசையில் நின்ற இறைச்சிப் பிரிவுக்காரர், ஆறடி ஆள், தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தரையில கிடந்தப்ப ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். உக்காந்தது தப்புன்னா, அதை வேலைக்குச் சேக்கும்போதே சொல்லியிருக்கலாமேன்னு. கவுன்ட்டர்ல நிக்கிற எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஸ்டூல் குடுக்கணும்னு நிர்வாகத்தைக் கேக்குற தீர்மானத்தை நான் முன்மொழியறேன். அவ்ளோதாங்க."

அவள் மைக்கை நீட்டினாள். யாரும் கைதட்டவில்லை. பிறகு பின்வரிசையில் பையை மாட்டிக்கொண்டு நின்ற பெண் சொன்னாள், "நான் வழிமொழியறேன்." உடனே இன்னொருத்தி, "நானும்." "ஒருத்தர் சொன்னாப் போதும்டி." "எனக்குச் சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன். உனக்கென்ன?"

அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. தாளம் இல்லாமல், ஆளுக்கொரு பக்கம்.

மைக்கு மேடைக்கு ஓடினாள். காவலாளி சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். சித்தப்பா எழுந்து கையை நீட்டினார்.

"குடு இப்படி. வாக்கெடுப்புக்கெல்லாம் நேரமில்ல."

"தலைவர் நடத்துவாரு சித்தப்பா."

"ஏய்..."

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு தலைவர் முன்னால் போய் நின்றாள். மைக்கை அவர் கையில் கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டு அவர் வாய்க்கு நேராக நீட்டினாள், குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற மாதிரி. அந்தப் பிடியை அவள் விடப்போவதில்லை. கையில் போனால் திரும்பி வராது.

"தலைவரே, தீர்மானம் முன்மொழிஞ்சாச்சு, வழிமொழிஞ்சாச்சு. வாக்கெடுப்பு."

தலைவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். தலைவர் அரங்கத்தைப் பார்த்தார். இத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட வெளியே போகவில்லை. அவர் பேசியபோது இப்படி யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"அன்பார்ந்த தோழர்களே" என்று தொடங்கினார். "தண்ணீருக்காக நாங்கள் அன்று..."

மைக்கு கையை ஒரு சாண் பின்னால் இழுத்தாள். குரல் சட்டென்று சிறுத்தது. அவர் மைக்கைத் தேடி முகத்தை நீட்டினார். அவள் கண் அவர் கண்ணை விட்டு நகரவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, லேசாகச் சிரித்தார். அவள் மைக்கைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர்.

அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. கைகள் எழுந்தன. பை மாட்டிய தோள்களிலிருந்து, குழந்தையைச் சுமந்த இடுப்புகளுக்கு மேலிருந்து. தலைவரும் தன் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு மேடையில் இருந்த பொருளாளரும் தூக்கினார், தலைவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்பது அவர் கொள்கை. எதிர்க்கிறவங்க என்று கேட்டபோது ஒரு கையும் இல்லை. சித்தப்பாவின் கைகள் இரண்டும் நாற்காலிப் பிடியில் இருந்தன.

"நிறைவேறியது" என்றார் தலைவர். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மைக் அங்கே இல்லை.

கீழே நாலாம் கவுன்ட்டரைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவள் செருப்பைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார்கள். அவள் மேடையில் மைக்குவைத் தேடிப் பார்த்து, தன் நாலு பக்கங்களைக் கேட்டுக் கையை ஆட்டினாள். பொண்ணு எழுதியதாயிற்றே.

விளக்குகளில் ஒரு வரிசை அணைந்தது. காவலாளியின் எச்சரிக்கை அது.

ஒன்று மிச்சமிருந்தது. மைக்கு சித்தப்பாவின் அருகில் போனாள். முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவரையும் அவள் முறையாகத்தான் அழைத்தாக வேண்டும். அதில் அவள் குறை வைக்கமாட்டாள்.

"இந்தக் கூட்டத்துக்கு அரங்கம் பிடிச்சதுலேருந்து நாற்காலி போட்டது வரைக்கும் ஓடி ஓடி வேலை செஞ்சவரு நம்ம செயலாளர்" என்றாள் மைக்கில். அது உண்மை. "நன்றி சொல்ல வராரு."

அவர் எழுந்து வந்தார். மைக்கை வாங்குவதற்குப் பதில் அதை உள்ளங்கையால் பொத்தினார். அவள் காதோடு சொன்னார்.

"இனிமே மேடையும் கிடையாது, மாடியும் கிடையாது உனக்கு. நாளைக்கே சாமானை எடுத்துடு. என் மூஞ்சில முழிக்காதே."

அவர் விரல்கள் மைக்கின் மேல் இறுகியிருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக விலக்கினாள். மைக்கை அவர் கையில் சரியாகப் பிடிக்கக் கொடுத்து, வாய்க்கு நேராகத் திருப்பியும் வைத்தாள்.

"சரி சித்தப்பா, எடுத்துடறேன்" என்றாள். "நீங்க பேசுங்க. ஒரு நிமிஷம்தான் இருக்கு."